‘மாறில்ல’ என்றால் மாறாது என்று அர்த்தமில்லை: எல்லையோர ஆஸ்பத்திரியில் பெரிய நோயின் சேதியைத் தமிழில் சொல்ல ஒரு வழிகாட்டி

“இது பூர்ணமாயிட்டு மாறில்ல” என்றார் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நோயாளியின் மகன் என்னைப் பார்க்காமலே அம்மாவிடம் திரும்பி, “முழுசா மாறலையாம், பாதி மாறியிருக்குதாட்ட இருக்குது” என்றான். அந்த அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் சொன்னதோ, இந்த நோய் முழுமையாகக் குணமாகாது என்று.

பாலக்காட்டுப் பக்கம் ஆஸ்பத்திரிகளில் டாக்டரின் மலையாளத்தைத் தமிழில் மொழிபெயர்க்கிற நமக்கு இது அடிக்கடி நடக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வட்டாரத்துத் தமிழர்களுக்கு மலையாளம் காதில் விழுந்து பழக்கம். சந்தையில் பேசுவார்கள், பஸ்ஸில் சண்டை போடுவார்கள். அதனால் மொழிபெயர்ப்பவர் வாயைத் திறக்கும் முன்பே பாதி புரிந்துகொண்டு விடுவார்கள், அந்தப் பாதி தப்பாகவும் இருக்கும். ஒரு வார்த்தையும் புரியாத வங்காளத் தொழிலாளிக்குச் சொல்வது இதைவிடச் சுலபம் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கிறது.

ஒரே ஒரு சந்திப்பை எடுத்துக்கொண்டு, அறைக்குள் நுழைவதற்கு முன்பிருந்து வெளியே வரும் வரை எந்த இடத்தில் எந்த வார்த்தை என்று சொல்கிறேன். ஆளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். தென்னந்தோப்பில் வேலை பார்க்கும் அறுபது வயதுக்காரர். இரண்டு மாதமாக உடம்பு அரிப்பு, கண் மஞ்சள், எடை இறக்கம். கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, கல்லீரலிலும் புள்ளிகள். சதை எடுத்துப் பரிசோதித்ததில் கேன்சர் உறுதி. ஆபரேஷன் செய்ய முடியாத நிலை.

உள்ளே போகும் முன் டாக்டரிடம் ஐந்து நிமிடம்

இதை விட்டுவிட்டால் பின்னால் வருகிற எதுவும் சரியாக வராது. டாக்டரிடம் மூன்றே கேள்விகள் கேட்பேன். கேன்சர் என்ற சொல்லை இன்றைக்கே சொல்லப் போகிறீர்களா? குணமாக்க முடியும் என்கிறீர்களா, கட்டுப்படுத்த முடியும் என்கிறீர்களா? இங்கிருந்து இவர் அடுத்து எங்கே போக வேண்டும்? இரண்டாவது கேள்விக்குப் பல டாக்டர்கள் ஒரு நொடி யோசிப்பார்கள். அந்த யோசனை அறைக்கு வெளியே நடந்து முடிவது நல்லது.

கூடவே இன்னொன்றையும் சொல்லி வைப்பேன். “நீங்கள் சொல்கிற சில மலையாள வார்த்தைகள் தமிழில் வேறு மாதிரி கேட்கும். அப்படி வந்தால் நடுவில் நிறுத்தி உங்களிடம் கேட்பேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.” முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

வராந்தாவில் மகன் பிடித்துக்கொள்வான்

கட்டாயம் நடக்கும். “அக்கா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அல்சர்னு சொல்லிருங்க. தாங்க மாட்டாருங்க.” இங்கே தலையாட்டினால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். அதற்காகச் சட்டம் பேசி அவனை விரட்டவும் கூடாது, அவன் பயத்தில் பேசுகிறான். நான் சொல்வது இதுதான்: “உங்க மனசு புரியுதுங்க தம்பி. டாக்டர் சொல்றதை மாத்திச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நீங்க இப்பச் சொன்னதை அப்படியே டாக்டர்கிட்டச் சொல்றேன். அப்பாவுக்கு எவ்வளவு தெரியணும்னு அப்பாகிட்டயே கேக்கச் சொல்லலாம்.”

பிறகு உண்மையிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும். டாக்டர் நோயாளியிடம் கேட்கும் கேள்வியை நான் தமிழில் இப்படி வைப்பேன்: “உங்க நோயைப் பத்தி எல்லா விவரமும் உங்ககிட்டயே சொல்லோணுங்களா, இல்ல வீட்டுல ஒருத்தர்கிட்டச் சொன்னாப் போதும்னு நினைக்கறீங்களா?” இரண்டு பதிலுக்கும் மரியாதை இருக்கும்படி கேள்வி அமைய வேண்டும். “உண்மையைத் தெரிஞ்சுக்க விரும்பறீங்களா?” என்று கேட்டால், வேண்டாம் என்பவர் கோழை போல ஆகிவிடுவார். அன்றைக்கு அந்தப் பெரியவர் மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எங்கிட்டயே சொல்லுங்க. அவன் அழுதுக்கிட்டே வண்டி ஓட்டுவான், அது ஆவாது” என்றார்.

உட்கார்ந்ததும் முதல் வார்த்தை

“டாக்டர் சொல்றதை ஒண்ணும் கூட்டாம, ஒண்ணும் கொறைக்காம தமிழ்ல சொல்லுவேனுங்க. நீங்க சொல்றதையும் அப்படியே அவங்ககிட்டச் சொல்லுவேன். புரியலைன்னா எங்கயும் நிறுத்துங்க.” இது போதும்.

மொழிபெயர்ப்புப் பயிற்சிகளில் டாக்டர் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்லச் சொல்வார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் இந்த வட்டாரத்தில் சேதி சொல்லும் நேரத்தில் அது குழப்புகிறது. “நான் உங்க ஸ்கேனைப் பார்த்தேன்” என்று நான் சொன்னால், “நீங்களும் பார்த்தீங்களா, நீங்களே சொல்லுங்க” என்று என்னிடம் திரும்பிவிடுகிறார்கள். ஆகவே “டாக்டர் சொல்றாங்க” என்று ஆரம்பத்தில் இரண்டு மூன்று தடவை சேர்த்துவிடுவேன்.

அவருக்கு என்ன தெரியும் என்பது

டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார், கேட்க வேண்டும். “இதுவரைக்கும் என்னன்னு சொல்லியிருக்காங்க, நீங்க என்னன்னு நினைச்சிருக்கீங்க?” என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். நம்மவர்கள் பிறர் சொன்னதைச் சொல்வார்கள், தாம் நினைத்ததைக் கேட்டால்தான் சொல்வார்கள். அவர் சொன்னார்: “முன்ன பாத்த ஆஸ்பத்திரில மஞ்ஞப்பித்தம்னாங்க. பித்தந்தானேன்னு எலுமிச்சம்பழமா வாங்கிக் குடிச்சேன்.”

மலையாளத்தில் மஞ்ஞப்பித்தம் என்பது மஞ்சள் காமாலை. தமிழ்க் காதில் ‘பித்தம்’ என்றால் காலையில் வரும் குமட்டல், தலைசுற்றல், இளநரை. காமாலைக்குப் பயப்படுகிற மனிதர் பித்தத்துக்குப் பயப்பட மாட்டார். அவருடைய இரண்டு மாதத்தில் எத்தனை நாள் இந்த ஒரு வார்த்தையால் போனதோ. இங்கே நான் செய்தது, அவர் சொன்னதை எலுமிச்சம்பழம் உட்பட அப்படியே டாக்டரிடம் சொன்னது. நோயாளி சிறியதாக நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது டாக்டருக்கு அப்போதுதான் தெரிந்தது. அதனால் அடுத்த வாக்கியத்தை மெதுவாகத் தொடங்கினார்.

சேதிக்கு முன் ஒரு வரி

பெரிய சேதியைத் தடாலென்று போடாமல், வருகிறது என்று ஒரு வரி முன்னால் சொல்வது டாக்டர்களுக்குப் பாடமாகவே சொல்லித்தரப்படுகிறது. அந்த வரிக்குத் தமிழ் தேடும்போது கவனம் வேண்டும். ‘கெட்ட சேதி’, ‘துக்கச் சேதி’ என்றால் நம் ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள். நான் ஒருமுறை ‘கெட்ட சேதி’ என்று தொடங்க, நோயாளியின் மனைவி ஊரில் இருக்கும் தன் தாய்க்குத்தான் ஏதோ ஆகிவிட்டதென்று எழுந்துவிட்டார்.

இப்போது சொல்வது: “ஸ்கேன் ரிசல்ட் வந்திருக்குதுங்க. நாம எதிர்பார்த்த மாதிரி இல்லை. கொஞ்சம் பெரிய விஷயமா இருக்குது.” அதன் பிறகு நிறுத்தி, இரண்டு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருங்கள். அவர் நிமிர்ந்து டாக்டரைப் பார்ப்பார். அவர் தயார் என்பதற்கு அதுதான் அறிகுறி.

ரிசல்ட் ‘பாசிட்டிவ்’ என்று டாக்டர் சொன்னால் அந்த வார்த்தையை அப்படியே கடத்தாதீர்கள். பாசிட்டிவ் என்றால் நல்லது என்றுதான் பாதிப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள்.

பெயரைச் சொல்வது

டாக்டர் ‘முழ’ என்றார். மலையாளத்தில் அது கட்டி. நாம் வெறுமனே ‘கட்டி’ என்று சொன்னால் வெயில் காலத்தில் வருகிற கட்டி, பற்றுப் போட்டால் உடைகிற கட்டி எல்லாம் அதில் அடக்கம். மென்மையாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இங்கேதான் பலரும் பொய் சொல்கிறார்கள். டாக்டர் கேன்சர் என்று சொல்லியிருந்தால் நம் வாயிலிருந்தும் அந்த வார்த்தை ஒரு தடவையாவது வர வேண்டும்.

‘புற்றுநோய்’ நல்ல தமிழ்தான். எங்கள் பக்கத்தில் பேச்சில் ‘கேன்சர்’ என்றால்தான் சந்தேகமில்லாமல் போய்ச் சேருகிறது. வயதானவர்கள் ‘புத்து’ என்பார்கள். அவர் எதைச் சொல்கிறாரோ அதையே நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

கணையம் என்றால் யாருக்கும் தெரியாது. ‘ஈரல்’ என்று பொதுவாகச் சொன்னால் கல்லீரலா நுரையீரலா என்று குழப்பம். நான் சொன்னது இப்படி: “இரைப்பைக்குப் பின்னால கணையம்னு ஒரு உறுப்பு இருக்குதுங்க. சாப்பாடு செரிக்கறதுக்கான நீர் அதுலதான் சுரக்குது. அதுல ஒரு கட்டி வந்திருக்குது. சாதாரணக் கட்டி இல்லீங்க, கேன்சர் கட்டி. அது பித்த நீர் போற குழாயை அடைக்கறதாலதான் உங்களுக்குக் கண்ணு மஞ்சளாச்சு.” கடைசி வாக்கியம் டாக்டர் சொன்னது, என் சேர்க்கை இல்லை. அவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், “மஞ்சளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு சொல்லட்டுங்களா?” என்று டாக்டரிடம் கேட்டு வாங்கியிருப்பேன்.

பிறகு பேசாமல் இருங்கள். இந்த மௌனத்தில் நம் நாக்கு துடிக்கும், “கவலைப்படாதீங்க, சரியாயிரும்” என்று வந்துவிடும். அந்த ‘சரியாயிரும்’ டாக்டர் சொல்லாத ஒரு வாக்குறுதி. தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்துங்கள், அது போதும்.

கல்லீரலுக்குப் போயிருப்பதைச் சொல்லும்போது ‘பரவியிருக்கு’ என்ற சொல் இன்னொரு பக்கம் இழுக்கும். பரவுகிற நோய் என்றால் தொற்றுநோய். தட்டு, டம்ளர், போர்வை எல்லாவற்றையும் தனியாக வைத்துவிடுவார்கள். நான் “அந்தக் கட்டியில இருந்து கல்லீரலுக்கும் போயிருக்குது” என்பேன். யாராவது முகத்தில் அந்தச் சந்தேகம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லி, “ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது” என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பேன்.

‘பற்றில்ல’, ‘மாறில்ல’

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இந்த இரண்டுக்காகத்தான்.

“ஆப்பரேஷன் பற்றில்ல” என்றால் ஆபரேஷன் செய்ய இயலாது. தமிழ்க் காதில் அது ‘பத்தல’ ஆகிறது. ஒரு ஆபரேஷன் பத்தாது, இரண்டு மூன்று வேண்டியிருக்கும் என்று விளங்கிக்கொள்கிறார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இதைச் சரிசெய்யத் தெரியாமல், “ஆபரேஷன் கொஞ்சம் கஷ்டம்ங்க” என்று நயமாகச் சொல்லி வைத்தேன். கஷ்டம் என்றால் செலவு அதிகம் என்று அந்தக் குடும்பம் எடுத்துக்கொண்டது. பத்து நாள் கழித்து மாட்டை விற்ற பணத்தோடு வந்து, “இப்பப் பண்ணிரலாங்களா?” என்று நின்றார்கள். வாயடைத்து நின்றது நான்தான்.

ஆகவே நேராக: “ஆபரேஷன் பண்ணி இந்தக் கட்டியை எடுக்க முடியாதுங்க. கல்லீரலுக்கும் போயிட்டதால, இதை மட்டும் அறுத்து எடுத்தாலும் பலன் இல்லைன்னு டாக்டர் சொல்றாங்க. பணம் கட்டினா நடக்கும்ங்கறதும் இல்லை, வேற ஊருக்குப் போனா நடக்கும்ங்கறதும் இல்லை.” கடைசி வரியை டாக்டரின் சம்மதத்தோடுதான் சொல்ல வேண்டும். வேறொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. அதை மூடிவிடக் கூடாது. டாக்டர் அப்படி அறுதியாகச் சொல்லவில்லையென்றால் அந்த வரி கிடையாது.

அடுத்தது ‘மாறில்ல’. மலையாளத்தில் நோய் ‘மாறும்’ என்றால் போய்விடும். தமிழில் மாறுவது வேறு, தீர்வது வேறு. டாக்டர் அந்த வார்த்தையைச் சொன்ன உடனேயே இடைமறியுங்கள், ஏனென்றால் அவர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள். அன்று நான் மகனிடம் சொன்னேன்: “தம்பி, டாக்டர் சொன்ன ‘மாறில்ல’ங்கறது நம்ம மாறலை இல்லைங்க. முழுசாக் குணப்படுத்த முடியாதுங்கறாங்க. மருந்து கொடுத்துக் கொஞ்ச காலம் கட்டுக்குள்ள வைக்கப் பார்க்கலாம். ஆனா நோய் உடம்பைவிட்டுப் போகாது.” பிறகு டாக்டரிடம் திரும்பி, நான் என்ன விளக்கினேன் என்பதை மலையாளத்தில் ஒப்பித்தேன். நாம் சொந்தமாக விளக்கிய ஒவ்வொன்றும் டாக்டர் காதுக்கும் போக வேண்டும். அந்த அம்மாளின் கும்பிட்ட கை மெல்ல மடியில் இறங்கியது.

இதே குடும்பத்து வார்த்தைகள் இன்னும் சில உண்டு. ‘பேதமாகும்’ என்றால் அங்கே சற்றுத் தேறும், இங்கே பேதி. ‘நீரு’ என்றால் அங்கே வீக்கம், இங்கே தண்ணீர் அல்லது மூத்திரம். ‘வயற்றில் வெள்ளம்’ என்று கேட்டுவிட்டு ஒரு பாட்டி சிரித்தே விட்டார்.

எத்தனை நாள் என்று கேட்டால்

கேட்பவர் நோயாளிதானா என்று முதலில் பாருங்கள். அந்தப் பெரியவர் சுற்றி வளைத்துக் கேட்டார்: “பசங்களுக்குத் தோட்டத்தைப் பாகம் பிரிச்சுப் பத்திரம் பண்ணோணும். தை கழிஞ்சு பண்ணிக்கலாம்னு இருக்கேன். செரீங்களா?” அப்போது ஆடி மாதம். இது பத்திரத்தைப் பற்றிய கேள்வி அல்ல என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை “எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்கிறார்” என்று மாற்றிக் கொடுக்க எனக்கு உரிமையில்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்லி, தை என்றால் ஆறு மாதம் தள்ளி என்பதை மட்டும் டாக்டருக்குச் சேர்த்தேன்.

டாக்டர் சொன்ன பதில் தமிழில்: “துல்லியமா யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஆனா வருஷக் கணக்குல பேசற நோய் இல்லை, மாசக் கணக்குல பேசற நோய். பத்திர வேலையைத் தை வரைக்கும் தள்ள வேண்டாம். இப்ப நடமாட்டம் நல்லா இருக்கறப்பவே முடிச்சுக்கங்க.” ‘ஆறு மாசம்’ போல ஒரு எண்ணை டாக்டர் சொன்னால், அவர் எப்படிச் சொன்னாரோ அந்தத் தயக்கத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். எண் மட்டும் போனால் ‘நாள் குறிச்சுட்டாங்க’ என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும், அந்தத் தேதியை வீட்டில் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

‘இனி கடவுள் கையில்’ என்று டாக்டரே சொல்வதுண்டு. மலையாளத்தில் அது ஆறுதலாகச் சொல்லப்படலாம். தமிழில் ஒரு டாக்டர் அப்படிச் சொன்னால் கைவிரித்துவிட்டார் என்றுதான் பொருள். அந்த இடத்தில் நிறுத்தி, “சிகிச்சை இல்லைன்னு அர்த்தமாயிரும், அப்படித்தானா?” என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து என்ன

‘இனிச் செய்ய ஒண்ணுமில்லை’, ‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்ற இரண்டும் தமிழில் சாவோலைகள். உண்மையில் செய்ய நிறைய இருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைபட்ட பித்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தால் மஞ்சளும் அரிப்பும் குறையும். தாங்குகிற உடம்பாக இருந்தால் கீமோ பார்க்கலாம். வலிக்கு மாத்திரை உண்டு.

ஸ்டென்டைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கண்ணி இருக்கிறது. மஞ்சள் இறங்கினால் நோயே போய்விட்டது என்று எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அவர்கள் கண்ணால் பார்த்த நோய் அந்த மஞ்சள்தான். இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள்: “இந்தக் குழாய் வெச்சா மஞ்சளும் அரிப்பும் குறையும், சாப்பாடு கொஞ்சம் இறங்கும். கட்டி அங்கயேதான் இருக்கும். குழாய் அடைச்சுக்கிட்டா மறுபடி மஞ்சள் வரும், குளிர்காய்ச்சல் வரும். வந்தா அன்னைக்கே வந்திரோணும், கீழாநெல்லி அரைக்க வேண்டாம்.” பிளாஸ்டிக் குழாய் சுமார் 3 மாதத்தில் அடைத்துக்கொள்வது வழக்கம், உலோகக் குழாய் அதைவிடக் கூடுதல் நாள் தாங்கும். எதை வைக்கப் போகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

வலி தணிப்புச் சிகிச்சைக்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் உண்டு. ஆனால் எல்லையின் கேரளப் பக்கத்தில் ‘பாலியேட்டிவ்’ என்றாலே போதும். 2008இல் மாநிலக் கொள்கை வந்த பிறகு பஞ்சாயத்துகள் வழியாகவே நர்சுகள் வீட்டுக்கு வருகிறார்கள், அக்கம்பக்கத்தில் யாராவது பார்த்திருப்பார்கள். வீடு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் என்றால் பேச்சு வேறு. அங்கே 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இந்தச் சேவை வருகிறது, அவர்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்க வேண்டும். ஆகவே ரேஷன் கார்டு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் இந்த வாக்கியத்தைச் சொல்லுவேன்.

எழுந்திருக்கும் முன்

“புரிஞ்சுதுங்களா?” என்று கேட்காதீர்கள். டாக்டர் முன்னால் புரியவில்லை என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இல்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டு நான் கேட்பது: “வீட்டுக்குப் போனதும் பெரிய மககிட்ட என்னன்னு சொல்லுவீங்க?”

பெரியவர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். “கேன்சருன்னு சொல்லுவேன். அறுக்க முடியாதாம், கொழாய் வெப்பாங்களாம், மஞ்சள் போயிருமாம். அப்புறம் செரியாயிரும்னு சொல்லுவேன்.”

டாக்டரிடம் அந்தக் கடைசி வரியையும் சேர்த்துத்தான் சொன்னேன். மகளுக்காகச் சொல்கிறாரா, அவரே நம்புகிறாரா என்று டாக்டர் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“மகளுக்குங்க” என்றார். “எனக்குத்தான் பத்திர ஆபீசுக்குப் போற வேலை இருக்குதே.”